முதல் ரீடிங் 20.3, அடுத்தது 19.7: டைட்ரேஷன் தவறுகளை எண்களில் கண்டுபிடிப்பது எப்படி

பிளஸ் டூ லேப் நோட்டைத் திருத்தும்போது நான் முதலில் பார்ப்பது கடைசி வரியில் இருக்கும் விடையை அல்ல, நடுவில் இருக்கும் ரீடிங் அட்டவணையை. பியூரெட்டைப் பிடித்தவர் என்ன செய்தார் என்பது பெரும்பாலும் அதிலேயே தெரிந்துவிடும். ஒரு மாணவியின் நோட்டில் இருந்த நான்கு வரிகளை எடுத்துக்கொள்வோம்.

முதல் முறை 0.0-இல் தொடங்கி 20.3-இல் முடிந்திருக்கிறது. இரண்டாவது, 20.3-இலிருந்து 40.0 வரை, அதாவது 19.7. பிறகு பியூரெட்டை நிரப்பி மறுபடி 0.0-இல் தொடங்கியதில் 19.6. நான்காவது முறை 19.6-இலிருந்து 39.2 வரை, மறுபடியும் 19.6. எல்லாமே மில்லி லிட்டர்.

"சார், முதல் ரீடிங்தான் கெடுத்துவிட்டது, அதை அடித்துவிடட்டுமா?" என்று கேட்டாள். அடிக்க வேண்டாம், அது ஏன் கெட்டது என்று கண்டுபிடிப்போம் என்றேன். கண்டுபிடித்த கதைதான் இந்தக் கட்டுரை. டைட்ரேஷனை முதல்முறை செய்யப்போகிறவர்கள் படிப்படியாகச் செய்துகொண்டே படிக்கலாம்.

என்ன சோதனை இது

திறன் தெரியாத சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல் ஒன்று இருக்கிறது. அதன் திறனைக் கண்டுபிடிக்க, திறன் தெரிந்த ஆக்சாலிக் அமிலம் வேண்டும். படிக ஆக்சாலிக் அமிலத்தின் சமான எடை 63. அதில் 1.575 கிராம் எடுத்து, 250 மில்லி அளவுக் குடுவையில் கரைத்து, கோடு வரை தண்ணீர் ஊற்றினால் சரியாக 0.1 நார்மல். ஏன் சோடியம் ஹைட்ராக்சைடையே எடை போட்டுத் திறனைச் சொல்லக்கூடாது என்றால், அது தராசில் இருக்கும்போதே காற்றின் ஈரத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் இழுத்துக்கொள்ளும். நாம் எடை போடுவது காரம் மட்டுமாக இருக்காது. ஆக்சாலிக் அமிலப் படிகம் அப்படி மாறுவதில்லை, அதனால்தான் அதை நம்புகிறோம்.

அமிலத்தில் 20 மில்லியைப் பிப்பெட்டால் எடுத்துக் கூம்புக் குடுவையில் விடுகிறோம். நிறங்காட்டியாக இரண்டு சொட்டு பினால்ப்தலீன் சேர்க்கிறோம். பியூரெட்டில் இருந்து காரத்தை விட்டுக்கொண்டே வந்து, நிறமற்ற கரைசல் வெளிறிய இளஞ்சிவப்பாக மாறி நிற்கும் இடத்தில், அதாவது முடிவுநிலையில், நிறுத்துகிறோம். இதில் ஒரு சொட்டு ஏறத்தாழ 0.05 மில்லி. 20 மில்லியில் 0.1 மில்லி தவறினால் விடையில் அரை சதவீதம் போய்விடும். இந்த இரண்டு எண்களையும் மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிது.

முதலில் எதை எதால் கழுவுவது

பியூரெட், பிப்பெட், கூம்புக் குடுவை மூன்றையும் முதலில் வடிநீரால் கழுவ வேண்டும். அதன் பிறகு பியூரெட்டை அதில் ஊற்றப்போகும் காரத்தால் ஒருமுறை கழுவி வெளியே விட வேண்டும். பிப்பெட்டை ஆக்சாலிக் அமிலத்தால் அதேபோல். கூம்புக் குடுவையை மட்டும் வடிநீரோடு நிறுத்திவிட வேண்டும். பலர் இங்கே ஒழுங்குணர்ச்சியால் கெட்டுப்போகிறார்கள். மற்ற இரண்டையும் கரைசலால் கழுவினோமே, இதையும் கழுவிவிடுவோம் என்று குடுவையை அமிலத்தால் அலசுகிறார்கள். சுவரில் ஒட்டிய அமிலம் பிப்பெட் எடுத்த 20 மில்லியோடு சேர்ந்துவிடும். ஒவ்வொரு முறையும் ஒட்டும் அளவு வேறுவேறு என்பதால் ரீடிங்குகள் கட்டுக்கடங்காமல் 19.8, 20.1, 19.9 என்று மேலே மேலே ஆடும்.

குடுவையில் வடிநீர் ஒட்டியிருந்தால் என்ன? ஒன்றுமில்லை. நாம் அளப்பது அமிலத்தின் செறிவை அல்ல, குடுவைக்குள் எவ்வளவு அமிலம் இருக்கிறது என்பதை. அது பிப்பெட்டிலேயே தீர்மானமாகிவிட்டது. ஒரு டம்ளர் தண்ணீர் சேர்ந்தாலும் அமிலம் கூடாது, குறையாது. இதைப் புரிந்துகொண்டால் பிறகு குடுவையின் சுவரைத் தயங்காமல் வடிநீரால் கழுவலாம், அதற்கு வேலை இருக்கிறது.

பியூரெட்டைக் காரத்தால் கழுவ மறந்து, உள்ளே அரை மில்லி தண்ணீர் ஒட்டியிருக்கும்போதே நிரப்பினால், காரம் ஏறத்தாழ 1 சதவீதம் நீர்த்துவிடும். 19.6 வர வேண்டியது 19.8 வரும். பிப்பெட்டில் தண்ணீர் இருந்தால் நேர் எதிர். அமிலம் நீர்த்து, முதல் ரீடிங் குறைவாக வரும். அடுத்த முறை பிப்பெட் தானாகவே அமிலத்தால் கழுவப்பட்டிருக்கும் என்பதால் சரியாகிவிடும்.

நிரப்புவதும் காற்றுக் குமிழும்

பியூரெட்டை ஸ்டாண்டில் மாட்டிவைத்தபடி, தலைக்கு மேலே கையை உயர்த்திக் காரத்தை ஊற்றுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறும். கண்ணில் காரம் விழுந்தால் அமிலத்தைவிட மோசம். கிளாம்பைத் தளர்த்திப் பியூரெட்டைக் கீழே இறக்கி, வாய்ப்பகுதி கண்ணுக்குக் கீழே இருக்கும்படி வைத்து, புனல் வழியாக ஊற்றுங்கள். நிரப்பியதும் புனலை எடுத்துவிட வேண்டும். கல்லூரியில் முதலாம் ஆண்டு நான் புனலை எடுக்க மறந்து, அதன் காம்பில் தொங்கிய கரைசல் நடுவில் பியூரெட்டுக்குள் விழுந்து, ரீடிங் 0.2 குறைந்துபோய், காரணம் தெரியாமல் ஒரு மணி நேரம் அலைந்திருக்கிறேன்.

இப்போது குமிழுக்கு வருவோம். எங்கள் லேபில் காரத்துக்கு இன்னமும் ரப்பர் குழாயும் கிளிப்பும் வைத்த பழைய பியூரெட்தான். கண்ணாடித் திருகு இருந்தால் காரம் அதைப் பிடித்து இறுக்கிவிடும் என்பதால் இந்த ஏற்பாடு. 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியைச் சேர்ந்த கார்ல் ஃபிரீட்ரிக் மோர் புழக்கத்துக்குக் கொண்டுவந்த வடிவம் இது. மாணவர்களுக்கு அவரை மோர் உப்பு வழியாகத் தெரியும். அவருக்கும் நாம் குடிக்கும் மோருக்கும் சம்பந்தமில்லை என்று ஒவ்வொரு வருடமும் சொல்ல வேண்டியிருக்கிறது.

மேலிருந்து கரைசலை ஊற்றும்போது கண்ணாடிக் குழாய் நிரம்பிவிடும். ஆனால் கிளிப்புக்குக் கீழே உள்ள ரப்பரிலும் முனையிலும் காற்றுதான் இருக்கும். கிளிப்புக்கு மேலே ரப்பருக்குள்ளும் ஒரு குமிழ் சிக்கியிருக்கும். ரப்பர் ஒளி ஊடுருவாதது என்பதால் அது கண்ணில் படாது. சோதனை தொடங்கியதும் கரைசல் அந்தக் காற்றைத் தள்ளிக்கொண்டு வெளியே வருகிறது. காற்று இருந்த இடத்தைக் கரைசல் நிரப்புகிறது. பியூரெட்டின் மட்டம் இறங்குகிறது, ஆனால் இறங்கிய அளவு முழுவதும் குடுவைக்குப் போகவில்லை. ஒரு பகுதி ரப்பருக்குள்ளேயே தங்கிவிட்டது. அதனால் ரீடிங் உண்மையைவிடக் கூடுதலாக வரும்.

எவ்வளவு கூடும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ரப்பர் குழாயின் உள்விட்டம் 5 மில்லிமீட்டர் என்றால், ஒரு சென்டிமீட்டர் நீளக் குமிழ் ஏறத்தாழ 0.2 மில்லி. இரண்டரை சென்டிமீட்டர் காற்று சிக்கியிருந்தால் 0.5 மில்லி, பத்து சொட்டுக்குச் சமம். ஆனால் கண்ணாடி முனையில் உள்விட்டம் 2 மில்லிமீட்டர்தான். அதில் ஒரு சென்டிமீட்டர் குமிழ் ஒரு சொட்டுக்கும் குறைவு. மாணவர்கள் கண்ணுக்குத் தெரிகிற முனைக் குமிழைப் பற்றிக் கவலைப்பட்டுவிட்டு, தெரியாத ரப்பர் குமிழை விட்டுவிடுகிறார்கள்.

எடுப்பது எளிது. முனையை மேல்நோக்கி வளைத்துப் பிடித்துக் கிளிப்பை முழுதாக அமுக்குங்கள். காற்று மேலே ஏறும் குணமுடையது, கரைசலோடு பீறிட்டு வெளியேறிவிடும். கீழே ஒரு பீக்கர் வைத்துக்கொள்ளுங்கள், முகத்தைத் தள்ளி வையுங்கள். திருகு வைத்த பியூரெட் என்றால் திருகை ஒரே மூச்சில் முழுதாகத் திறந்து வேகமாக ஓடவிட வேண்டும். மெதுவாகத் திறந்தால் கரைசல் குமிழைச் சுற்றிக்கொண்டு போய்விடும், குமிழ் அங்கேயே இருக்கும். அப்படியும் போகவில்லை என்றால் ஓடிக்கொண்டிருக்கும்போதே விரலால் முனையைச் சுண்டுங்கள். பலமுறை செய்தும் குமிழ் மறுபடி வருகிறது என்றால் உள்ளே எண்ணெய்ப் பசை இருக்கிறது, பியூரெட்டைச் சோப்புத் தண்ணீரில் கழுவ வேண்டும்.

ஒருமுறை குமிழை எடுத்துவிட்டால் அன்றைய சோதனைகளுக்கு அது போதும், கரைசலைக் கடைசிக் கோட்டுக்குக் கீழே இறங்கவிடாதவரை. 50-ஐத் தாண்டி இறங்கினால் முனையிலும் ரப்பரிலும் மறுபடி காற்று புகுந்துவிடும்.

தொடக்க ரீடிங்

பூஜ்யத்தில்தான் தொடங்க வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. 0.4-இல் நின்றால் 0.4 என்று எழுதிக்கொண்டு தொடங்கலாம். பூஜ்யத்தைத் துரத்துகிறவர்கள் சொட்டுச் சொட்டாக ஊற்றியும் வடித்தும் பத்து நிமிடம் போக்குவார்கள். அதைவிடப் பெரிய சிக்கல், மேசையில் வைத்த ஸ்டாண்டில் பூஜ்யக் கோடு பல மாணவர்களின் தலைக்கு மேலே இருக்கும். அண்ணாந்து பார்த்து அளப்பார்கள்.

அண்ணாந்து பார்த்தால் என்ன ஆகும் என்று கையோடு பார்த்துவிடலாம். கரைசலின் வளைந்த மட்டம் குழாயின் நடுவில் இருக்கிறது, கோடுகள் முன்பக்கக் கண்ணாடியில் இருக்கின்றன. கீழே இருந்து பார்க்கும் பார்வை, மட்டத்துக்குப் போகும் வழியில் அதைவிடத் தாழ்ந்த கோட்டைத் தொட்டுக்கொண்டு போகும். பியூரெட்டில் எண்கள் கீழ்நோக்கிக் கூடுவதால், உள்ளதைவிடப் பெரிய எண் தெரியும். மேலே இருந்து குனிந்து பார்த்தால் சிறிய எண் தெரியும்.

தொடக்கத்தையும் முடிவையும் ஒரே கோணத்தில் தவறாகப் பார்த்தால் தவறு பெரும்பாலும் கழிந்துபோகும். ஆனால் பூஜ்யத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, 20-ஐக் கண்ணுக்கு நேராகப் பார்த்தால் கழியாது. ரீடிங் ஒவ்வொரு முறையும் 0.1 குறைவாகவே வரும். கிளாம்பைத் தளர்த்திப் பியூரெட்டை இறக்கி, மட்டத்தின் அடிவிளிம்பைக் கண்ணுக்கு நேரே கொண்டுவந்து பார்ப்பதுதான் வழி. பின்னால் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்தால் விளிம்பு தெளிவாகத் தெரியும்.

தொடங்குமுன் முனையில் ஒரு சொட்டு தொங்கிக்கொண்டிருந்தால் அதைப் பீக்கரின் விளிம்பில் தொட்டு எடுத்துவிடுங்கள். அது குடுவைக்குள் விழுந்தால் கணக்கில் வராத ஒரு சொட்டு.

பிப்பெட்டின் கடைசிச் சொட்டு

வாயால் உறிஞ்ச வேண்டாம், ஆக்சாலிக் அமிலம் நஞ்சு. ரப்பர் பல்பு இல்லை என்றால் கேட்டு வாங்குங்கள். 20 மில்லி பிப்பெட்டைத் திறந்துவிட்டால் கடைசியில் முனையில் கொஞ்சம் கரைசல் தங்கும். அதை ஊதித் தள்ளிவிடுவதுதான் புதியவர்களின் பழக்கம். இந்தப் பிப்பெட் அந்தத் தங்கலைக் கழித்துத்தான் அளவிடப்பட்டிருக்கிறது. முனையைக் குடுவையின் சுவரில் சாய்த்துத் தொட்டு, சில வினாடிகள் வைத்திருந்து எடுத்துவிட வேண்டும். ஊதினால் அமிலம் கூடும், ரீடிங்கும் கூடும். ஒருமுறை ஊதி ஒருமுறை ஊதாமல் விட்டால் இரண்டு ரீடிங்கும் ஒத்துப்போகாது.

முடிவுநிலையைத் தாண்டாமல் நிற்பது

சரி, இதுதான் முக்கியமான இடம். முடிவுநிலைக்கு அருகில் ஒரே ஒரு சொட்டுக்குள் என்ன நடக்கிறது என்று பாருங்கள். அமிலம் முழுதாகத் தீர ஒரு சொட்டு பாக்கி இருக்கும்போது கரைசலின் பிஎச் ஏறத்தாழ 6.5. சரியாகத் தீர்ந்த இடத்தில் ஏறத்தாழ 8.3. ஒரு சொட்டு கூடினால் 10-ஐத் தாண்டிவிடும். பினால்ப்தலீன் நிறம் மாறத் தொடங்குவது 8.3 சுற்றில், முழு நிறத்துக்கு வருவது 10 சுற்றில். அதாவது நிறமே இல்லாத நிலைக்கும் முழு இளஞ்சிவப்புக்கும் நடுவில் ஒரு சொட்டுதான் தூரம். வெளிறிய நிறத்தைப் பிடிக்க வேண்டுமானால் அரைச் சொட்டு விடத் தெரிந்திருக்க வேண்டும்.

நிறங்காட்டியாக மெத்தில் ஆரஞ்சை எடுத்தால் இந்தச் சோதனை ஏன் கெடும் என்பதும் இதிலேயே தெரியும். அது 3.1-க்கும் 4.4-க்கும் நடுவில் நிறம் மாறும். ஆக்சாலிக் அமிலம் பாதிக்கு மேல் தீரும்போதே பிஎச் அந்தப் பகுதியில் மெல்ல ஏறிக்கொண்டிருக்கும். நிறம் எங்கே மாறியது என்றே சொல்ல முடியாமல், முடிவுநிலைக்கு வெகு முன்னதாகவே நின்றுவிடுவோம்.

முதல் முறை துல்லியத்தை எதிர்பார்க்க வேண்டாம், அது வழி தெரிந்துகொள்ள மட்டும். ஒவ்வொரு மில்லியாக விட்டு, எங்கே நிறம் மாறுகிறது என்று தோராயமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். 20-க்கு அருகில் என்று தெரிந்தால் அடுத்த முறை 18 வரை சற்று வேகமாக விடலாம். இடது கையால் கிளிப்பு, வலது கையால் குடுவையைச் சுழற்றுவது. குலுக்க வேண்டாம், சுழற்றினால் போதும். குடுவைக்கு அடியில் வெள்ளை ஓடு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நோட்டுத் தாளாவது.

சொட்டு விழும் இடத்தில் ஒரு கணம் இளஞ்சிவப்பு மின்னி மறையும். அந்த மின்னல்தான் உங்களுக்கு வழிகாட்டி. தொலைவில் இருக்கும்போது அது விழுந்த உடனே மறையும். முடிவுநிலை நெருங்க நெருங்க மறைய நேரமெடுக்கும், குடுவையை ஒரு சுற்று சுற்றிய பிறகுதான் போகும். அப்போது ஓட்டத்தை நிறுத்திச் சொட்டுச் சொட்டாக மாறுங்கள். இரண்டு மூன்று சுற்றுக்குப் பிறகே மறைகிறது என்றால் சுவரை வடிநீரால் கழுவுங்கள். மேலே தெறித்து ஒட்டிய காரமும் அமிலமும் உள்ளே இறங்கட்டும். இதைச் செய்யாமல் விட்டால், முடிந்தது என்று நினைத்து ரீடிங் எழுதிய பிறகு சுவரில் இருந்து அமிலம் இறங்கி நிறத்தை அழித்துவிடும்.

இப்போது அரைச் சொட்டு. கிளிப்பை மிக மெல்ல அமுக்கி, முனையில் சொட்டு உருவாகி விழாமல் தொங்கும்போது நிறுத்துங்கள். குடுவையின் உள்சுவரில் முனையைத் தொட்டு அதை எடுத்து, வடிநீர் பாட்டிலால் கீழே கழுவிவிடுங்கள். நான் சொல்வதைவிட இதைச் செய்வது எளிது. நான்கைந்து முறை வெறும் தண்ணீரில் பழகினால் கைக்கு வந்துவிடும்.

எந்த நிறத்தில் நிற்பது? ரோஸ் மில்க்கில் ஐஸ் கரைந்து நீர்த்துப்போன கடைசி வாய் இருக்கிறதல்லவா, அந்த வெளிறல். பீட்ரூட் தண்ணீர் போல ஆகிவிட்டால் தாண்டிவிட்டீர்கள். எவ்வளவு தாண்டினோம் என்று நிறத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. பினால்ப்தலீன் இரண்டு சொட்டுதான் இருக்கிறது. அது முழுதாக நிறமேறிய பிறகு நான்கு சொட்டு தாண்டினாலும் பதினான்கு சொட்டு தாண்டினாலும் ஒரே நிறம்தான். அதனால் "கொஞ்சம் தாண்டிவிட்டது, 0.2 கழித்துக்கொள்கிறேன்" என்பது வேலைக்கு ஆகாது. குடுவையில் இரண்டு சொட்டு அமிலத்தை ஊற்றி நிறத்தை மங்கவைப்பது அதைவிட மோசம். கொட்டிவிட்டு மறுபடி பிப்பெட் எடுங்கள்.

நிறம் நன்றாகத் தெரியட்டும் என்று பத்துச் சொட்டு பினால்ப்தலீன் விடுகிறவர்களும் உண்டு. பினால்ப்தலீனே ஒரு வலுக்குறைந்த அமிலம். அதோடு ஆல்கஹாலில் கரைத்தது என்பதால் அதிகம் விட்டால் தண்ணீரில் பால் போலக் கலங்கும். இரண்டு சொட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள், எல்லா முறையும் அதே இரண்டு.

நிறம் வந்து போனால்

வெளிறிய இளஞ்சிவப்பு வந்துவிட்டது. மாணவர் என்னைக் கூப்பிட வருகிறார். நான் போய்ப் பார்ப்பதற்குள் குடுவையில் நிறமே இல்லை. உடனே இன்னும் இரண்டு சொட்டு விடுகிறார். அதுவும் மறைகிறது, இன்னும் இரண்டு. இப்படியே 0.3 கூடிவிடும்.

நிறத்தைத் தின்றது காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடு. அது கரைசலில் கரைந்து அமிலமாகிப் பிஎச்சை மெல்ல இறக்குகிறது. காரக் கரைசல் பழையது என்றால் அதற்குள்ளேயே கொஞ்சம் சோடியம் கார்பனேட் இருக்கும். அது குடுவையில் உள்ள அமிலத்தைச் சந்தித்ததும் கார்பன் டை ஆக்சைடாகிக் கரைசலிலேயே தங்கும். அது காரத்தோடு வினைபுரிய நேரமெடுத்துக்கொள்ளும் என்பதால் நிறம் வந்து சில வினாடியில் மறையும். குடுவைக்கு மேல் குனிந்து மூச்சு விட்டுக்கொண்டு பார்ப்பதும் உதவாது.

அதனால் ஒரு விதி வைத்துக்கொள்கிறோம். குடுவையைச் சுழற்றிய பிறகு நிறம் 30 வினாடி நின்றால் அதுதான் முடிவுநிலை. 5 வினாடியில் மறைந்தால் இன்னும் அரைச் சொட்டு. இரண்டு நிமிடம் கழித்து மறைந்தால் அதைக் கண்டுகொள்ள வேண்டாம், ரீடிங் எழுதியாகிவிட்டது. யாரையும் கூப்பிடும் முன் ரீடிங்கை எழுதிவிடுங்கள்.

எழுதுவதற்கு முன் அரை நிமிடம் பொறுங்கள். வேகமாக விட்டிருந்தால் பியூரெட்டின் உள்சுவரில் ஒட்டிய கரைசல் மெல்ல வழிந்து மட்டம் கொஞ்சம் உயரும். 30 வினாடி விதியையும் இதையும் ஒரே காத்திருப்பில் முடித்துக்கொள்ளலாம்.

அந்த நான்கு வரிகளுக்குத் திரும்புவோம்

20.3, 19.7, 19.6, 19.6. முதல் ரீடிங் 0.7 கூடுதல். மாணவியிடம் குமிழை எப்படி எடுத்தாய் என்றேன். முனையில் குமிழ் இல்லை சார் என்றாள். ரப்பரை வளைத்தாயா? இல்லை. முதல் முறை நிறம் எப்படி இருந்தது? "நல்ல பிங்க் சார், பளிச்சென்று." ஆக, ரப்பருக்குள் இருந்த காற்று ஏறத்தாழ 0.5, முடிவுநிலையைத் தாண்டியது நான்கு சொட்டு போல 0.2 என்று வைத்துக்கொண்டால் கணக்கு ஒத்துவருகிறது.

ஆனால் பியூரெட்டில் தண்ணீர் ஒட்டியிருந்தாலும் முதல் ரீடிங் கூடுமே, அதை எப்படி விலக்கினேன்? இரண்டாவது ரீடிங்கைப் பாருங்கள். அதுவும் முதல்முறை நிரப்பிய அதே கரைசலில் இருந்துதான் வந்தது. கரைசல் நீர்த்திருந்தால் இரண்டும் கூடுதலாக இருந்து, மறுபடி நிரப்பிய பிறகுதான் இறங்கியிருக்கும். குமிழ் என்றால் முதல் ரீடிங் மட்டும் கூடும், அதோடு குமிழ் வெளியேறிவிடும். 20.3-க்கு அடுத்ததே 19.7-க்கு இறங்கிவிட்டது என்பதால் பெரிய பங்கு தண்ணீருடையது அல்ல. 19.7-க்கும் 19.6-க்கும் உள்ள 0.1, இரண்டு சொட்டுத் தாண்டலாகவும் இருக்கலாம், லேசாகத் தண்ணீர் ஒட்டியதாகவும் இருக்கலாம். அதைப் பிரித்துச் சொல்ல இந்த எண்கள் போதாது.

கணக்கு இப்படி. V என்பது பருமன், N என்பது திறன், 1 அமிலத்துக்கு, 2 காரத்துக்கு, 40 என்பது சோடியம் ஹைட்ராக்சைடின் சமான எடை:

```
V1 × N1 = V2 × N2
20 × 0.1 = 19.6 × N2
N2 = 0.1020
0.1020 × 40 = 4.08
```

லிட்டருக்கு 4.08 கிராம் சோடியம் ஹைட்ராக்சைடு. முதல் ரீடிங்கை மட்டும் நம்பியிருந்தால் 0.0985 நார்மல், 3.94 கிராம். மூன்றரை சதவீதம் குறைவு. ரீடிங் கூடினால் திறன் குறைவாக வருகிறது என்பதைக் கவனியுங்கள். நான்கையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் 19.8 வரும், அதுவும் தவறு. காரணம் தெரிந்த ஒரு தவறைச் சராசரியில் கரைக்கக் கூடாது. 0.1-க்குள் ஒத்துப்போகும் ரீடிங்குகளை மட்டும் எடுத்துக்கொண்டு, 20.3-ஐ அட்டவணையிலேயே விட்டு, பக்கத்தில் "ரப்பரில் காற்று" என்று எழுதச் சொன்னேன்.

சில நோட்டுகளில் 19.6, 19.6, 19.6 என்று மூன்றும் அச்சடித்தது போல இருக்கும். இரண்டாவது முறை 19.6 வந்ததும் மூன்றாவதை அங்கேயே கொண்டுபோய் நிறுத்தியிருப்பார்கள். நிறத்தைப் பார்க்காமல் எண்ணைப் பார்த்து நிறுத்துவது இது. உண்மையிலேயே ஒத்துப்போன ரீடிங்குகளிலும்கூட ஒரு எச்சரிக்கை உண்டு. பூஜ்யத்தை எப்போதும் அண்ணாந்து பார்த்தால் எல்லா ரீடிங்கும் ஒரே அளவு குறையும். எப்போதும் பிப்பெட்டை ஊதினால் எல்லாமே ஒரே அளவு கூடும். ஆக்சாலிக் அமிலத்தை எடை போட்ட தாளில் கொஞ்சம் ஒட்டிப்போயிருந்தால், எத்தனை முறை செய்தாலும் காரத்தின் திறன் உண்மையைவிடக் கூடுதலாகவே வரும். இவை ஒன்றும் அட்டவணையில் தெரியாது. விடை எதிர்பார்த்ததற்கு விலகி நின்று, ரீடிங்குகள் மட்டும் அழகாக ஒத்துப்போனால், கையைச் சந்தேகிப்பதை விட்டுவிட்டு அமிலத்தை மறுபடி எடை போட்டுக் கரையுங்கள்.

முடிந்ததும் பியூரெட்டில் மிஞ்சிய காரத்தை அப்படியே விட்டுவிட்டுப் போகாதீர்கள். வெளியே விட்டு, வடிநீரால் இரண்டு முறை கழுவி, கிளிப்பைக் கழற்றி வையுங்கள். கிளிப்பு இரவு முழுக்க அழுத்திக் கிடந்தால் ரப்பர் அந்த இடத்தில் ஒட்டிக்கொள்ளும், அடுத்த வகுப்பில் அது சொட்டுச் சொட்டாகக் கசியும். கண்ணாடித் திருகு என்றால் கழற்றித் துடைத்து, நடுவில் ஒரு துண்டுத் தாள் வைத்து மாட்டுங்கள். காரம் காய்ந்து இறுகிய திருகைத் திறக்கப்போய் உடைத்த பியூரெட்டுகள் எங்கள் லேபின் அலமாரியில் மூன்று இருக்கின்றன.